ரெம்மைக் குறை சொல்வதற்கு முன் சொக்கெட்டைப் பாருங்கள்

16 ஜிபி ரெம் போட்ட கணினி 8 ஜிபி மட்டும் காட்டினால், எல்லாரும் ரெம்மைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் புரொசஸரைக் கழற்றிப் பூட்டிய பிறகு இது தொடங்கியிருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது புரொசஸர் உட்காரும் சொக்கெட்டை.

களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கல்முனையில் உள்ள எங்கள் கடைக்கு மதர்போட்டைக் கொண்டுவந்தார். பழைய ஐ3 ஐக் கழற்றிவிட்டு, பாவித்த ஐ5 12400 ஒன்றைத் தானே பூட்டியிருந்தார். "ஒரு ரெம் செத்துட்டுது அண்ணே, புதுசு போடுங்க" என்றார். ஒரு ரெம்மை மட்டும் பி2 ஸ்லொட்டில் போட்டேன், ஓன் ஆனது. அதையே ஏ2வில் போட்டேன், திரை இருட்டு. மற்ற ரெம்மும் அப்படியே செய்தது. ஆக, ரெம் இரண்டும் நல்லது, கோளாறு புரொசஸரிலிருந்து ஏ பக்கத்து ஸ்லொட்டுக்குப் போகும் வழியில்.

அதற்காக உடனே சொக்கெட்டின் ஊசி போன்ற பின்களில் ஒன்று வளைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கூலரை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கினாலும் இதே கோளாறு வரும். நான்கு ஸ்குரூவையும் தளர்த்தி, குறுக்குவாட்டில் சமமாக இறுக்கிப் பார்த்தேன். மாற்றமில்லை. அப்புறம்தான் புரொசஸரைக் கழற்றினேன்.

எல்ஜிஏ 1700 சொக்கெட்டில் 1700 பின்கள். நேர் மேலிருந்து பார்த்தால் எதுவும் பிடிபடாது. டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் பின் நுனிகள் வரிசை வரிசையாக மின்னும். கோடு முறிகிற இடத்தில்தான் கோளாறு. புரொசஸரின் அடியையும் பாருங்கள்: ஒவ்வொரு தங்கநிறத் தொடுபுள்ளியிலும் பின் உரசிய சிறு தடம் இருக்கும். தம்பியின் புரொசஸரில் ஓரத்துப் புள்ளிகள் இரண்டில் தடமே இல்லை. சொக்கெட்டில் அதே இடத்துப் பின்கள் இரண்டும் படுத்துக் கிடந்தன. பூட்டும்போது ஒரு மூலை கைநழுவி விழுந்திருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யலாமா? நுனி இருந்து, அடியில் முறியும் மடிப்பு விழாமல் சரிந்து மட்டும் கிடந்தால் முயலலாம். உருப்பெருக்கிக்குக் கீழே, மெல்லிய ஊசியால், சரிந்த திசைக்கு எதிராகச் சிறிது சிறிதாகத் தூக்க வேண்டும். அங்கும் இங்கும் ஆட்டினால் பின் களைத்து முறிந்துவிடும். பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், நிமிர்த்தும்வரை பவர் கொடுக்கவே கூடாது. தம்பியின் பின்கள் நிமிர்ந்தன, 16 ஜிபியும் வந்தது.

ஒரு கொத்தே நசுங்கியிருந்தால் நான் கை வைப்பதில்லை. சொக்கெட்டை மாற்றலாம்தான், ஆனால் அது அடியில் உள்ள ஈயக் குண்டுகளால் ஒட்டப்பட்டது, அதற்கென்று உள்ள சூடேற்றும் இயந்திரம் வேண்டும். கூலியைக் கேட்டால் பாவித்த மதர்போட் ஒன்று வாங்குவதே மேல் என்று தோன்றும். பெரும்பாலும் வாரண்டியும் இதற்குக் கிடைக்காது.

ஒற்றைப் பின் முறிந்தால் அது எந்தப் பின் என்பதைப் பொறுத்தது. மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் நிறையப் பின்கள் இருப்பதால், அவற்றில் ஒன்று போனாலும் சில போட்கள் ஓடும். ஏ பக்கத்து ரெம் பின் என்றால் அந்தப் பக்கம் போய்விடலாம். நான்கு ஸ்லொட் உள்ள போட் என்றால், முறிந்த துண்டை எடுத்துவிட்டு இரண்டு ரெம்மையும் பி1, பி2 இல் போட்டுப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் 16 ஜிபி கிடைக்கலாம்.