ஊனோவில் ஏழு, எங்கள் போர்டில் பன்னிரண்டு

டர்பன் துறைமுகத்துப் பக்கம் உள்ள குளிர்கிடங்குகளுக்கு ஒரு சின்னக் கருவி செய்து கொடுக்கிறோம். எந்தக் கதவு எப்போது திறந்தது, அப்போது உள்ளே எத்தனை டிகிரி என்று குறித்து வைப்பதுதான் அதன் வேலை. சாட்ஸ்வொர்த்திலிருந்து பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் இதற்கான பதிவை இப்படி எழுதியிருந்தான்:

```c
struct pathivu {
    uint8_t  kathavu;
    uint32_t neram;
    int16_t  veppam;   /* டிகிரி x 10 */
};
```

ஒன்று, நான்கு, இரண்டு, ஆக ஏழு பைட். 4096 பைட் பக்கத்தில் 585 பதிவு பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரில் படிக்கிற பைத்தான் நிரலையும் ஏழு ஏழாக வெட்டிப் படிக்கும்படி எழுதி முடித்துவிட்டான். முதல் நாள் எடுத்த கோப்பைத் திறந்தால் முதல் வரி இப்படி வந்தது: கதவு 3, ஆண்டு 2073, வெப்பம் மைனஸ் 2414.2 டிகிரி. இந்தப் பிரபஞ்சத்திலேயே மைனஸ் 273.15-க்குக் கீழே எதுவும் போக முடியாது, எங்கள் மீன் கிடங்கு மட்டும் போயிருக்கிறது. அடுத்த வரியில் கதவு 102. அந்தக் கிடங்கில் இருப்பதே ஆறு கதவு.

சென்சார் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னார், கடிகார சிப்பில் பேட்டரி போய்விட்டது என்று இன்னொருவர். நான் தம்பியிடம் `sizeof` எவ்வளவு என்று பார்த்தாயா என்று கேட்டேன். "பார்த்தேன் அண்ணா, ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன், ஏழுதான் வருது" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் ஓட்டிப் பார்த்தது வீட்டில் வைத்திருந்த ஆர்டுயினோ ஊனோவில், அதில் நிஜமாகவே ஏழுதான் வரும். எங்கள் போர்டில் இருப்பது கார்டெக்ஸ் எம்0 பிளஸ் என்ற 32 பிட் சிப். அதே ஸ்ட்ரக்ட், அதே மூன்று வரி, ஆனால் பன்னிரண்டு.

ஊனோவில் இருப்பது 8 பிட் சிப். நினைவகத்தை அது எப்போதும் ஒவ்வொரு பைட்டாகத்தான் எடுக்கும், அதனால் நான்கு பைட் எண் எந்த முகவரியில் தொடங்கினாலும் அதற்குக் கவலையில்லை. 32 பிட் சிப் அப்படியில்லை, நான்கு பைட்டை ஒரே மூச்சில் எடுக்கும், எடுக்கும் முகவரி நான்கால் வகுபட வேண்டும் என்று எதிர்பார்க்கும். இதைத்தான் அலைன்மென்ட் என்கிறோம். அதனால் கம்பைலர் கதவு எண்ணை 0-வது பைட்டில் வைத்துவிட்டு, 1, 2, 3 மூன்றையும் காலியாக விட்டு, நேரத்தை 4-இல் தொடங்குகிறது. வெப்பம் 8, 9. இதுவரை பத்து.

மீதி இரண்டு எங்கிருந்து வந்தது? இடையில் இடைவெளி விடுவதைக் கேள்விப்பட்டவர்கள்கூட கடைசியில் விடுவதை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பதிவுகளை வரிசையாக ஒரு அரேயில் அடுக்கினால் இரண்டாவது பதிவின் நேரமும் நான்கால் வகுபடும் முகவரியில் விழ வேண்டும். ஒவ்வொன்றும் பத்து பைட் என்றால் அது 14-இல் விழும். பன்னிரண்டு என்றால் 16. அதற்காகத்தான் வாலில் இரண்டு.

இப்போது மைனஸ் 2414-க்கு வருவோம். கோப்பின் முதல் பன்னிரண்டு பைட் இது:

```
03 00 00 00 C3 B2 A1 66 47 FF 00 00
```

பைத்தான் முதல் பைட்டைக் கதவு என்று படித்தது. 03, சரி. அதனால்தான் யாருக்கும் உடனே சந்தேகம் வரவில்லை. அடுத்த நான்கை நேரம் என்று எடுத்தது: `00 00 00 C3`. மூன்று காலி பைட்டும் உண்மையான நேரத்தின் முதல் பைட்டும் சேர்ந்தது. எங்கள் சிப் எண்ணின் சின்ன பைட்டை முதலில் எழுதும், அதனால் பின்னாலிருந்து படித்தால் 1970 தொடக்கத்திலிருந்து 0xC3000000 விநாடி, அதாவது 2073. வெப்பம் என்று எடுத்த `B2 A1` நேரத்தின் நடுத்துண்டு. அதைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் மைனஸ் 24142. ஏழு முடிந்ததா, எட்டாவது பைட் 66, அது அடுத்த பதிவின் கதவாம். பதினாறடிமானத்தில் 66 என்றால் 102. ஒவ்வொரு தப்பான எண்ணுக்கும் இப்படிப் பிறந்த ஊர் இருக்கிறது, பைட்டுகளைக் காகிதத்தில் எழுதி வைத்துக் கோடு போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சென்சாரைக் கழற்றியிருந்தால் ஒரு நாள் போயிருக்கும்.

நான் சொன்னதும் தம்பி பைத்தானில் `'<BIh'` என்று இருந்ததில் `<` குறியை எடுத்துப் பார்த்தான். எடுத்தால் அதுவும் கம்பைலர் மாதிரி இடைவெளி விடும். ஆனால் வந்தது பத்து! பைத்தான் இடையில்தான் இடைவெளி விடும், வாலில் விடாது. ஒரு ஸ்ட்ரக்டுக்கு ஏழு, பத்து, பன்னிரண்டு என்று மூன்று பதில் பார்த்துவிட்டுப் பையன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் பெரியதை முதலில் எழுதலாமே என்றான். நல்ல யோசனை. நேரம், வெப்பம், கதவு என்று எழுதினால் எட்டு ஆகும், பக்கத்துக்கு 341 பதிவு பிடித்த இடத்தில் 512 பிடிக்கும். சி மொழியில் கம்பைலர் நம் வரிசையைத் தானாக மாற்றாது, நாம்தான் மாற்ற வேண்டும். ஆனால் கவனியுங்கள், அப்போதும் ஏழு இல்லை, வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஏழேதான் வேண்டும் என்றால் `__attribute__((packed))` போடலாம். எனக்கு அது பிடிக்காது. `r.neram` என்று நேராகத் தொட்டால் கம்பைலர் பார்த்துப் பார்த்து பைட் பைட்டாக எடுக்கும், ஆனால் `&r.neram` என்று முகவரியை வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டால் அந்த ஃபங்ஷனுக்கு விஷயம் தெரியாது, ஒரே மூச்சில் எடுக்கப் பார்க்கும், எம்0 பிளஸ்ஸில் அந்த இடத்திலேயே ஹார்ட் ஃபால்ட், நிரல் நின்றுவிடும். மேசைமேல் இருக்கும் லேப்டாப்பில் இதே நிரல் பெரும்பாலும் முனகாமல் ஓடிவிடும் என்பதுதான் கொடுமை.

காலி பைட்டில் பூஜ்யம் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். மேலே பூஜ்யம் வந்ததற்குக் காரணம் அந்த மாறி ஸ்டாட்டிக்காக இருந்தது, அவ்வளவுதான். ஃபங்ஷனுக்குள் லோக்கலாக வைத்தால் ஸ்டாக்கில் முன்பு கிடந்த குப்பை அங்கே இருக்கலாம். அப்படி இரண்டு பதிவை `memcmp` போட்டு ஒப்பிட்டால், மதிப்பெல்லாம் ஒன்றாக இருந்தும் வேறு வேறு என்று சொல்லும்.

கடைசியில் வரிசையை மாற்றி, வாலில் இருந்த ஒரு பைட்டுக்கு `kaali` என்று பெயர் வைத்து நாங்களே பூஜ்யம் போட்டோம். கீழே ஒரு காவல் வரி:

```c
_Static_assert(sizeof(struct pathivu) == 8, "pathivu 8 illai");
```

யாராவது நாளைக்கு ஒரு உறுப்பைச் சேர்த்து அளவு மாறினால் கம்பைல் ஆகவே ஆகாது. கோப்புக்கு எழுதும்போது மட்டும் ஸ்ட்ரக்டை அப்படியே கொட்டாமல் ஒவ்வொரு உறுப்பையும் பைட் பைட்டாக எழுதச் சொன்னேன். கோப்பு எங்கள் போர்டின் அலைன்மென்டை நம்பி இருக்கக்கூடாது.

பழைய கோப்புகளை அழித்துவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன், எழுதியதில் எந்தத் தப்பும் இல்லை, படித்ததில்தான் தப்பு. பைத்தானில் `'<B3xIh2x'` என்று மாற்றினோம், மூன்று பைட்டையும் கடைசி இரண்டையும் தாண்டிப் போ என்று அர்த்தம். முதல் வரி வந்தது: கதவு 3, 2024 ஜூலை 25, டர்பன் நேரம் காலை 4:04, மைனஸ் 18.5 டிகிரி.