ஆர்கானிக் சான்று: விதைக்கும் தேதியில்தான் சிக்கல்

பெங்களூரில் வேலை, ஆனேக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் என்று இருக்கிற நம்மவர்கள் பலரும் சொல்வது: "அஞ்சு வருஷமா யூரியாவே போடல, அப்புறம் ஏன் லேபிள் ஒட்டக்கூடாது?" போடாமல் இருந்ததைக் காட்ட ஆதாரம் இல்லையென்றால் அந்த ஐந்து வருடம் கணக்கில் வராது. சாதாரண விவசாயத்திலிருந்து ஆர்கானிக்குக்கு மாறும் மாற்றக் காலம், சான்றளிக்கும் அமைப்பு தன் பதிவில் குறிக்கும் தொடக்கத் தேதியிலிருந்துதான் ஓடும்.

மத்திய அரசின் ஆர்கானிக் உற்பத்திக்கான தேசியத் திட்டமான என்பிஓபி விதிப்படி கேழ்வரகு, காய்கறி போன்ற பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 24 மாதம் முடிந்திருக்க வேண்டும். மாந்தோப்புக்கு அறுவடைக்கு முன் 36 மாதம். ஒன்றுக்கு விதைப்பு, இன்னொன்றுக்கு அறுவடை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

தொடக்கத் தேதி 2023 ஆகஸ்ட் 15 என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் கேழ்வரகு விதைத்து நவம்பரில் அறுத்தால், அறுக்கும்போது இரண்டு வருடம் தாண்டியிருந்தாலும் அது ஆர்கானிக் இல்லை. 'மாற்றக் கால விளைபொருள்' என்ற பெயரில்தான் விற்கலாம். அதே வயலில் ஆகஸ்ட் 20-ல் விதைத்திருந்தால் முழுச் சான்று கிடைத்திருக்கும். மழை ஒத்துழைத்தால் ஒரு மாதம் பொறுப்பது லாபம். மாங்காய்க்கு 36 மாதம் 2026 ஆகஸ்டில்தான் முடிகிறது. ஆகவே 2026 மே பறிப்பு ஆர்கானிக்கில் சேராது, 2027 மேயில் பறிப்பதுதான் முதல் ஆர்கானிக் மகசூல்.

வருடத்துக்கு ஒரு முறையாவது ஆய்வாளர் வருவார். வயலோடு களஞ்சியத்தையும் பார்ப்பார். அறுத்த ராகியைப் பழைய யூரியா சாக்கில் கட்டி வைத்திருந்தால் அங்கேயே கேள்வி தொடங்கும். பக்கத்து வயலோடு பங்கு போடும் மருந்து தெளிப்பான், பூஞ்சைக்கொல்லி பூசிய சிவப்பு விதையின் காலிப் பை, இரண்டுமே குறிப்பில் ஏறும். "கடைக்காரர் ஆர்கானிக்னு சொல்லித்தான் கொடுத்தார்" என்பது பதிலாகாது. எந்த இடுபொருளையும் வாங்கும் முன் சான்றளிப்பவரிடம் கேட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு நோட்டைக் கேட்பார். எந்தத் துண்டு நிலத்தில் எந்தத் தேதியில் என்ன விதைத்தீர்கள், எத்தனை வண்டி எரு, எங்கிருந்து வந்தது, எத்தனை கிலோ அறுத்தீர்கள், யாருக்கு எவ்வளவு விற்றீர்கள். இவற்றை வைத்து ஒரு கூட்டல் கழித்தல் போடுவார். ஒரு ஏக்கரில் 8 குவிண்டால் அறுத்ததாக எழுதி, விற்பனைச் சீட்டுகளில் 11 குவிண்டால் வந்தால், மீதி 3 குவிண்டால் வெளியிலிருந்து கலந்தது என்றே அர்த்தம். ஆய்வுக்கு முந்தைய இரவு ஒரே பேனாவில் எழுதிய நோட்டு பார்த்தாலே தெரியும். அன்றன்று எழுதுங்கள், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

அபார்ட்மெண்ட் சந்தையில் நேரடியாக விற்கும், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் உள்ள சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை. ஆனால் அரசின் ஆர்கானிக் முத்திரையான 'ஜைவிக் பாரத்'தைப் போடக் கூடாது. கடைக்கு மொத்தமாகக் கொடுத்து அங்கே ஆர்கானிக் என்று விற்பதானால் இந்த விலக்கு பொருந்தாது.