கிரியேட்டினின் 1.2, இஜிஎஃப்ஆர் 52: நடுவில் இருக்கும் கணக்கு

ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் 1.2 என்றும், அதற்குக் கீழே இஜிஎஃப்ஆர் 52 என்றும் இருக்கிறது. முதல் எண் ரத்தத்தில் அளந்தது. இரண்டாவது, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டு ஊகித்தது.

கிரியேட்டினின் என்பது தசையில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகும் கழிவு. வடிகட்டல் பாதியாகக் குறைந்தால் அது ரத்தத்தில் தேங்கத் தொடங்கும். அளவு சுமார் இரட்டிப்பானதும் உண்டாவதும் வெளியேறுவதும் மறுபடி சமமாகி, அங்கேயே நிற்கும். அப்படி நின்றுவிட்ட அளவை வைத்துத்தான் சூத்திரம் பேசுகிறது.

இன்று பரவலாகப் பயன்படுவது 2021-ல் வெளியான சிகேடி-எபி சூத்திரம். 60 வயதுப் பெண்ணுக்கு, கிரியேட்டினின் 1.2 மி.கி./டெ.லி. இருந்தால்:

```
142 × (1.2/0.7)^-1.200 × 0.9938^60 × 1.012
= 142 × 0.524 × 0.689 × 1.012 ≈ 52
```

அதே வயது ஆணுக்கு 0.7-க்குப் பதில் 0.9 போட்டு, கடைசியில் வரும் 1.012-ஐ விட்டுவிட வேண்டும். விடை 69. கிரியேட்டினின் ஒன்றுதான். ஆனால் ஆணுக்குத் தசை அதிகம், அதனால் கழிவும் அதிகம் என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் முதல் சிக்கல். எதிரில் இருப்பவரின் தசையைச் சூத்திரம் பார்த்ததில்லை. வயதையும் பாலினத்தையும் வைத்துச் சராசரியாக ஊகிக்கிறது, அவ்வளவே. நீண்ட நாள் படுக்கையில் கிடந்து மெலிந்தவருக்கோ காலை இழந்தவருக்கோ கிரியேட்டினின் குறைவாகத்தான் உண்டாகும். சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் இஜிஎஃப்ஆர் நன்றாகவே தெரியும். உடற்பயிற்சியால் தசை பெருத்தவருக்கு இது தலைகீழ். சமைத்த இறைச்சியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் கிரியேட்டினின் சில மணி நேரம் கூடுதலாகக் காட்டும். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் உள்ள சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல.

இப்படி எதுவும் இல்லாதவரிடமும் 52 என்பது துல்லியமான எண் அல்ல. நேரடியாக அளந்த மதிப்பிலிருந்து 30 சதவீதம் வரை விலகுவது சாதாரணம். அதாவது உண்மை 40-லிருந்து 74 வரை எங்கும் இருக்கலாம். அடுத்த முறை 49 என்று வந்தால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல்தான் ஆபத்தானது. அதே பெண்ணின் கிரியேட்டினின் வழக்கமாக 0.8. கடும் நோய்த்தொற்றில் சிறுநீரகம் திடீரென நின்றுபோகிறது. மறுநாள் கிரியேட்டினின் 1.8, சூத்திரம் 32 என்கிறது. உண்மையான வடிகட்டல் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. கழிவு இன்னும் தேங்கிக்கொண்டிருக்கிறது, நிற்கும் இடத்துக்கு அது வந்துசேரவே இல்லை. 32-ஐ நம்பி மருந்தின் அளவை முடிவு செய்தால் மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும்வரை இஜிஎஃப்ஆரை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏற்றத்தின் வேகத்தையும் மணிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்பதையும்தான் பார்க்க வேண்டும்.