அலாரம் அடித்தது சரி, ஊசி போட்டாயிற்றா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் செவிலி நான். ஒரே பிழையை வெவ்வேறு வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அண்மையில் நடந்தது இது. எழுபது வயதைத் தாண்டிய அம்மா. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரை நோய்க்குக் காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் கலவை இன்சுலின். கவனித்துக்கொள்பவர் மகள். மாலை 5.30 மணிக்கு அலாரம் அடித்தது. மகள் ஊசியைப் போட்டுவிட்டு, பருப்பு பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினார். பிறகு குளிக்கப் போனார். வேலை முடிந்து மகன் வந்தபோது அவருடைய கைபேசியிலும் அதே நினைவூட்டல் அடித்தது. அக்காவுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று அவரும் ஊசி போட்டார். எட்டு மணிக்கு அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, நாக்குக் குழறியது. பக்கவாதம் திரும்ப வந்துவிட்டது என்று இருவரும் பதறினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 2.4 mmol/L. அளக்கும் கருவி அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

இருவரில் யாரும் அலட்சியமானவர் இல்லை. "நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறோமே சிஸ்டர்" என்றுதான் இருவரும் சொன்னார்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அலாரம் நேரத்தைச் சொல்லும், அவ்வளவுதான். வேலை முடிந்ததா, முடித்தவர் யார் என்பது அதற்குத் தெரியாது. அதை நிறுத்திய மறு நொடியே அது அடித்ததற்கான தடயமும் இல்லாமல் போகிறது. ஒரே ஊசியை ஒரே நேரத்தில் தினமும் போடுபவருக்கு இன்று போட்டதும் நேற்றுப் போட்டதும் மனத்தில் ஒன்றாகிவிடும். நினைவு மங்கியவர்களுக்கு மட்டும் வருவதில்லை இது. மருத்துவமனை வார்டில் நாங்கள் ஒவ்வொரு மருந்துக்கும் கையெழுத்துப் போடுவது இதனால்தான். வார்டில் வேலை செய்பவருக்கே அது வேண்டுமென்றால், தூக்கம் கெட்ட மகளுக்கு வேண்டாமா?

ஆகவே ஃபிரிட்ஜ் கதவில் வாரத்துக்கு ஒரு தாள் ஒட்டுங்கள். நாள், வேலை, கொடுத்த நேரம், கொடுத்தவர் பெயர் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். பேனாவைக் கயிற்றில் கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள், தேடவேண்டியிருந்தால் எழுதமாட்டீர்கள். கொடுத்த பிறகுதான் எழுத வேண்டும். கொடுக்கப் போகிறோமே என்று முன்கூட்டி எழுதினால், வாசலில் யாரோ கூப்பிட்ட நேரத்தில் ஊசி விட்டுப்போகும், தாள் மட்டும் போட்டதாகச் சொல்லும். எழுதி முடிக்கும் வரை அலாரத்தை நிறுத்தாதீர்கள், சற்று நேரம் கழித்து மறுபடி அடிக்கும்படி வையுங்கள். இன்சுலின் ஒரு வேளைக்கு ஒருவர் பொறுப்பு. அவர் வீட்டில் இல்லாவிட்டால் மற்றவர் தாளைப் பார்த்து, தொலைபேசியிலும் கேட்டுவிட்டே ஊசியைத் தொட வேண்டும்.

போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடவே போடாதீர்கள். சர்க்கரையை அளந்துவிட்டு க்ளினிக்கைக் கேளுங்கள். இந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஏறும், அதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். இரண்டு முறை போட்டால் அந்த இரவிலேயே உயிருக்கு ஆபத்து. சிறு வயதிலிருந்தே இன்சுலினை மட்டும் நம்பி வாழ்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வியர்வை, நடுக்கம், குழறல் கண்டால் முதலில் சர்க்கரையை அளங்கள். நான்கு mmol/L-க்குக் கீழே இருந்து, விழித்திருந்து, புரையேறாமல் விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 10177ஐ அழையுங்கள். இரட்டை ஊசி போட்டது தெரிந்தால், சர்க்கரை ஏறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். கலவை இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்யும், நள்ளிரவில் மீண்டும் இறக்கிவிடும். இதில் தயக்கமே வேண்டாம்.

எல்லா வேலைக்கும் அலாரம் வைப்பது இன்னொரு தொல்லை. நாள் முழுவதும் ஒரே சத்தம் கேட்டால் காது அதைக் கண்டுகொள்ளாது. இன்சுலினுக்கும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதற்கும் மட்டும் அலாரம் வையுங்கள், இரண்டுக்கும் வேறு வேறு ஓசை. உணவோடு தரும் மாத்திரைகளைத் தட்டோடு சேர்த்துவிடுங்கள்.

க்ளினிக் நாளன்று காலையில் அடிக்கும் நினைவூட்டலால் ஒரு பயனும் இல்லை. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு வாரம் முன்பே வண்டிக்குச் சொல்ல வேண்டும், வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்களா என்றும் கேட்க வேண்டும். எடுப்பார்கள் என்றால் அன்று காலை இன்சுலினை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேளுங்கள். உணவு தராமல் ஊசி மட்டும் போட்டு வரிசையில் உட்காரவைத்த வீடுகள் உண்டு. பொதுவாக, ஊசியையும் சாப்பாட்டையும் கூடவே எடுத்துப்போய் ரத்தம் எடுத்தபின் கொடுக்கச் சொல்வோம். முந்தின இரவே அட்டை, மருந்துப் பட்டியல், ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள் மூன்றும் பைக்குள் போய்விட வேண்டும். அந்தத் தாளைப் பார்க்கும் மருத்துவர் உங்களிடம் கேட்கவேண்டிய பாதிக் கேள்விகளைக் கேட்கமாட்டார். மாதாமாதம் மருந்து வாங்கும் சீட்டு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஐந்தாம் மாதமே அடுத்த சந்திப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

இனி கவனிப்பவரின் ஓய்வு. அந்த மகளின் கைபேசியில் மதியம் இரண்டு மணிக்கு "ஓய்வு" என்று ஓர் அலாரம் இருந்தது. அடிக்கும்போதெல்லாம் நிறுத்திவிடுவாராம். அந்த நேரத்தில் அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லையென்றால் எப்படிப் படுப்பார்? ஓய்வுக்கு நேரத்தைக் குறித்தால் போதாது, ஓர் ஆளின் பெயரைக் குறிக்க வேண்டும். "ஞாயிறு 2 முதல் 5 வரை தம்பி" என்று அதே தாளில் எழுதி, தம்பியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நினைவூட்டல் இப்போது அவருடைய கைபேசியில்தான் அடிக்கிறது. வராமல் போனால் கட்டம் காலியாக இருக்கும், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டும் ஒருவர் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கமாட்டார். நல்ல நுரை மெத்தையும் சிவக்காத தோலும் இருந்தால் இரவில் இடைவெளியை நான்கு மணி நேரமாக்க முடியலாம். அதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் நேரில் பார்த்த செவிலி சொல்ல வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் அன்றே சொல்லியனுப்புங்கள்.

உங்கள் மாத்திரையும் அந்தத் தாளில் ஏற வேண்டும். அந்த மகளுக்கும் ரத்த அழுத்தம் உண்டு, தம் மருந்தை வாங்கப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. அம்மாவின் வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை போட்டு அவருடைய மாத்திரையையும் க்ளினிக் தேதியையும் எழுதினேன். தயவுசெய்து, இன்று தாளை ஒட்டும்போது அந்த வரிசையையும் சேர்த்தே போடுங்கள்.