படம் எடுப்பவருக்கும் படத்தில் ஓர் இடம்: புத்தக அடுக்கும் டைமரும்

குடும்பப் படங்களைத் தொகுத்து ஆல்பமாகச் செய்து கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. பென்டிரைவில் பல வருடத்துப் படங்கள் வரும். கொஞ்ச நேரம் புரட்டினாலே அந்த வீட்டில் போன் யார் கையில் இருந்தது என்று தெரிந்துவிடும். எந்தப் படத்திலும் இல்லாதவர்தான் எடுத்தவர். பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும், சில வீடுகளில் மூத்த மகனோ சித்தப்பாவோ. ஆல்பத்தில் வைக்க அவர் முகம் வேண்டும் என்று தேடினால் ஒரு செல்ஃபி கிடைக்கும். அதில் அவர் முகம் மட்டும் பெரிதாகவும், பின்னால் நிற்பவர்கள் சின்னதாகவும் இருப்பார்கள். கை நீளும் தூரத்தில் லென்ஸ் இருக்கும்போது அப்படித்தான் விழும்.

இதற்கு டிரைபாட் வாங்க வேண்டிய அவசியமில்லை. மேசையும், ஆறேழு கெட்டி அட்டைப் புத்தகங்களும், போனில் ஏற்கெனவே இருக்கும் டைமரும் போதும். ஆனால் சும்மா புத்தகத்தின்மேல் போனைச் சாய்த்து வைத்தால் படம் சரியாக வராது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, “சரி விடுங்க, நானே எடுக்கிறேன்” என்று பழையபடி போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறது என்பதை ஒரு குடும்பத்தின் படத்தை வைத்தே சொல்கிறேன்.

ஆல்பம் செய்ய வந்த ஒரு பெண், கடைசிப் பக்கத்துக்குத் தானும் சேர்ந்த ஒரு படம் வேண்டும் என்றார். வீட்டில் ஏழு பேர். தாத்தா, பாட்டி, கணவர், மைத்துனர், இரண்டு குழந்தைகள், அப்புறம் அவர். எடுக்க எடுக்க எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

முதல் படத்தில் விட்டமும் மின்விசிறியும் பாதிப் படத்தை நிறைத்திருந்தன. தரையில் உட்கார்ந்த குழந்தைகளின் தலையும் தோளும் மட்டும்தான் தெரிந்தன. போனைப் புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்ததால் வந்த வினை இது. போன் 10 டிகிரி பின்னால் சாய்ந்தால், 3 மீட்டர் தூரத்தில் அது பார்க்கும் நடுப்புள்ளி ஏறக்குறைய அரை மீட்டர் மேலே போய்விடும். போனைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் 10 டிகிரி சாய்வு கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாது. அதனால் திரையில் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். சுவரின் ஓரமும் கதவு நிலையும் திரையில் நேராக நிற்கின்றனவா, மேலே போகப்போக உள்பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்தால் போனும் சாய்ந்திருக்கிறது.

போனைச் சாய்க்காமல் செருக வேண்டும். அடுக்கின் உச்சியில் இரண்டு புத்தகங்களைப் படுக்கையாக, ஒன்றையொன்று ஒட்டி வையுங்கள். அவற்றுக்கு நடுவே போனின் நீளப் பக்கத்தை ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, இரண்டையும் நெருக்கி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் போன் செங்குத்தாக நிற்கும். கெட்டி அட்டையாக இருக்க வேண்டும். மெல்லிய அட்டை வளைந்து கொடுக்கும், கொஞ்ச நேரத்தில் போன் மெதுவாகச் சாயத் தொடங்கும். அடியில் பெரிய புத்தகம், மேலே போகப்போகச் சின்னது.

இரண்டாவது படத்தில் சாய்வு சரியாகிவிட்டது. ஆனால் ஏழு பேருமே மங்கல். கை பட்டு அடுக்கு ஆடியதோ என்று அவர் கேட்டார். ஆட்டத்தால் வரும் மங்கல் வேறு மாதிரி இருக்கும். கண்ணில் தெரியும் சின்ன ஒளிப்புள்ளி, மூக்குக்கண்ணாடியின் மினுக்கம் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கும். இதில் எல்லாம் சமமாகக் கரைந்திருந்தன. படத்தின் அடியில் பழுப்பாக ஒரு பட்டை வேறு ஓடியது. அது புத்தகத்தின் அட்டை. போன் தனக்கு மிக அருகில் இருந்த அந்த அட்டையில் போகஸை வைத்துக்கொண்டு மனிதர்களை விட்டுவிட்டது.

இதற்கான தீர்வு சின்னது, ஆனால் நிறைய உதவும். லென்ஸ் இருக்கும் முனை புத்தகங்களுக்கு வெளியே ஆறேழு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி போனைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். மீதி நீளம் புத்தகங்களுக்குள் இருந்தால் போதும், விழாது. இப்போது லென்ஸின் முன்னால் அட்டை வராது. இன்னொரு பிரச்சினையும் தீர்ந்துவிடும். லென்ஸ் மேலே இருக்கும்படி போனைப் படுக்கவைத்தால், சில போன்களில் ஒலியளவுப் பொத்தான் அடிப்பக்கம் வந்துவிடும். கேமரா திறந்திருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினாலும் படம் எடுக்கும். போனின் எடையே அதை அழுத்தி, யாரும் தயாராகும் முன்பே படம் எடுத்துக்கொண்டே போகும். பொத்தானும் லென்ஸ் பக்கமே இருப்பதால் அதுவும் வெளியே வந்துவிடும். மேசையின் பரப்பும் படத்தில் விழாமல் இருக்க, அடுக்கை மேசையின் முன் விளிம்புவரை கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம் போகஸைப் பூட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் முகத்தின்மேல் திரையில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் பூட்டுக் குறி தெரியும். ஐபோனில் AE/AF LOCK என்று வரும். பூட்டாமல் விட்டால், நீங்கள் லென்ஸுக்கு முன்னால் நடந்து போகும்போது போன் உங்கள் முதுகைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவது படத்தில் ஆறு பேர் தெளிவு, அவர் மட்டும் புகைபோல. டைமர் படங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணங்கள் இரண்டு. ஒன்று, வீட்டு விளக்கு வெளிச்சத்தில் போன் படத்தைப் பதிய எடுக்கும் ஷட்டர் நேரம் நீளும். அந்த நேரத்தில் அசைந்தவர் மங்குவார், அசையாதவர் தெளிவாக விழுவார். பலருக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. கையில் இருக்கும்போது போன் லேசாக ஆடுவதால் இரவுப் பயன்முறை ஷட்டர் நேரத்தை ஓரளவுக்குள் வைத்துக்கொள்ளும். புத்தகத்தில் அசையாமல் நிற்கிறது என்று தெரிந்தால் சில போன்கள் அந்த நேரத்தை இன்னும் பல மடங்கு நீட்டிவிடும். வானத்தை எடுக்க அது நல்லது, குழந்தைகள் உள்ள படத்துக்கு ஆகாது. இரவுப் பயன்முறையை அணைத்துவிட்டு, எல்லா விளக்கையும் போடுங்கள். பகலாக இருந்தால் ஜன்னல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே, போனைத் தாண்டி இருக்கும்படி பாருங்கள்.

இரண்டாவது காரணம் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட இடம். எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, மிச்சமிருந்த பின்வரிசை ஓரத்துக்கு ஓடினார். நாற்காலிகளைச் சுற்றிப் போய், மைத்துனரை நகரச் சொல்லி, திரும்பி நிற்பதற்குள் 10 விநாடி முடிந்துவிட்டது. டைமர் போட்டுவிட்டு வருபவர் முன்பக்கத்திலிருந்துதான் வருகிறார், ஆகவே அவருக்குச் சுலபமான இடம் முன்வரிசை. அதிலும் நடு நாற்காலிக்குக்கூடத் தடையில்லாமல் வந்து உட்காரலாம். மற்றவர்களை உட்காரவைக்கும் முன்பே அந்த நாற்காலியைப் போட்டுவிடுங்கள். யாரையாவது முதலில் அதில் உட்காரவைத்துத் திரையில் பார்த்து, அப்புறம் எழுப்பிவிடுங்கள். உங்கள் தலை எங்கே வரும், பின்னால் நிற்பவரை மறைக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2, 3 விநாடி டைமர் விரல் பட்ட ஆட்டம் அடங்குவதற்குத்தான். நடந்து வந்து உட்காரக் குறைந்தது 10 விநாடி வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ஓடாதீர்கள், நடந்தே வாருங்கள். 3 மீட்டரை நான்கைந்து விநாடியில் கடந்து உட்கார்ந்துவிடலாம், மூச்சுவிட மீதி நேரம் இருக்கும். மற்றவர்களின் கண்கள் வருகிறவர் பின்னாலேயே போகும். பெரியவர் ஒருவரைச் சத்தமாக எண்ணச் சொல்லி, ஏழு என்றதும் எல்லோரும் லென்ஸைப் பார்ப்பது என்று பேசி வைத்தால் இது சரியாகிவிடும். எந்தப் புள்ளி லென்ஸ் என்று குழந்தைகளுக்குக் கிட்டே கூட்டிப்போய் விரலால் காட்டிவிடுங்கள்.

தூரத்துக்கும் உயரத்துக்கும் அவருக்குச் சொன்ன கணக்கு இதுதான். மேசை 75 சென்டிமீட்டர், அதன்மேல் 30 சென்டிமீட்டருக்குப் புத்தகம். லென்ஸ் தரையிலிருந்து சுமார் 110 சென்டிமீட்டரில் வரும். நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு அது கிட்டத்தட்ட சமம். தாத்தா பாட்டியின் முகம் நேராக விழும், நிற்பவர்களின் தாடை அடியிலிருந்து தெரியாது. போனைப் படுக்கவைத்து முதன்மை லென்ஸில் எடுத்தால், 3 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 4 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். இரண்டு வரிசையாக இருக்கும் ஏழு பேருக்கு 2 மீட்டர் போதும். எல்லோரையும் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று மேசையைக் கிட்டே இழுக்காதீர்கள். அறை சின்னது என்று 0.5 என்ற அகன்ற லென்ஸுக்கும் போகாதீர்கள், ஓரத்தில் இருப்பவரின் முகமும் கையும் பக்கவாட்டில் இழுபட்டுப் போகும். முகப்பு கேமராவும் வேண்டாம், திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர்களின் பார்வை லென்ஸை விட்டு விலகியிருக்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் பயன்முறை பின்வரிசையையும் சேர்த்து மங்கலாக்கிவிடக்கூடும்.

ஒரு விஷயத்தை அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். படம் விழுந்ததும் யாரையும் எழவிடாமல், திரையில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். அடுக்கு அப்படியே இருப்பதால் அடுத்த படத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கலைந்த பிறகு திரும்ப உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. ஏழு பேரில் யாராவது ஒருவர் கண் சிமிட்டியிருப்பார் என்பதால் குறைந்தது நான்கு படமாவது எடுக்கச் சொன்னேன். சில போன்களில் டைமர் முடிந்ததும் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுக்கும் வசதி இருக்கிறது, இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

அவர் அனுப்பிய கடைசிப் படத்தில் சுற்றிலும் நிறைய வெற்றுச் சுவர் இருந்தது. ஓரங்களை வெட்டினால் அச்சில் உடைந்துபோகுமோ என்று கேட்டார். 12 மெகாபிக்சல் படம் அகலத்தில் ஏறக்குறைய 4000 புள்ளிகள் கொண்டது. வெட்டிய பிறகும் 2600 மிஞ்சியது. 6க்கு 4 அங்குல அச்சுக்கு 1800 இருந்தாலே நல்ல தெளிவு கிடைக்கும். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு அதை 12க்கு 8 அங்குலமாகவே போட்டேன், முன்வரிசை நடு நாற்காலியில் இருந்த அவருடைய முகமும் தெளிவாகவே வந்தது.