கார்னர் த்ரீ: தூரம் குறைவு என்பதாலா?

"மூன்று புள்ளிக் கோட்டில் கார்னரிலிருந்து எறிவதுதான் எளிது, தூரம் குறைவு என்று எங்கள் பயிற்சியாளர் சொல்கிறார். வளைவு என்றால் எல்லா இடத்திலும் ஒரே தூரம்தானே இருக்க வேண்டும்?" என்று கூடைப்பந்து ஆடும் ஒரு பள்ளி மாணவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பயிற்சியாளர் சொல்வது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் திடலுக்கு முழு உண்மை. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நாம் ஆடும் திடலில் கார்னர் பயன் தருவதற்குக் காரணம் வேறு.

ஃபிபா திடலின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். ரிங்கின் மையத்திலிருந்து நேர்கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து 6.75 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால் அதுதான் மூன்று புள்ளி வளைவு; அதற்கு வெளியிலிருந்து எறிந்து போட்டால் மூன்று புள்ளி. ரிங் திடலின் அகலத்துக்கு நடுவில் இருக்கிறது. அங்கிருந்து சைட்லைன் 7.5 மீட்டர். வளைவை அப்படியே இழுத்துக்கொண்டு போனால் பக்கவாட்டில் 75 செ.மீ. இடம்தான் மிஞ்சும். இரண்டு காலையும் ஊன்றி எறிய அது நெருக்கடி. அதனால் கோட்டை சைட்லைனிலிருந்து 90 செ.மீ. உள்ளே நிறுத்தி, ரிங்குக்குப் பின்னால் உள்ள எண்ட்லைன் வரை நேர்கோடாக இறக்கிவிடுகிறார்கள். ஆக, கார்னரில் தூரம் 6.60 மீட்டர். குறைவது வெறும் 15 செ.மீ.

என்.பி.ஏ. திடலும் ஏறக்குறைய இதே அகலம்தான். ஆனால் அங்கே வளைவு 7.24 மீட்டரில் இருக்கிறது, கார்னர் 6.71 மீட்டரில். வித்தியாசம் அரை மீட்டருக்கும் மேல். அந்த அளவு கைக்கு நன்றாகவே தெரியும். 15 செ.மீ. என்பது ஒரு பாதத்தின் நீளம்கூட இல்லை. கோட்டை மிதிக்காமல் இருக்க ஆட்டக்காரர்கள் விடும் இடைவெளியிலேயே அது கரைந்துவிடும்.

பிறகு ஏன் நம் ஆட்டத்திலும் கார்னரில் ஆள் நிறுத்துகிறார்கள்? விடை கார்னரில் இல்லை, கீ பகுதியில் இருக்கிறது.

கீ என்பது எண்ட்லைனில் தொடங்கி ரிங்கின் முன்னால் வரை நீளும், 4.90 மீட்டர் அகலமும் 5.80 மீட்டர் நீளமும் உள்ள செவ்வகம். முன்பு அமெரிக்காவில் இந்தப் பாதை 6 அடி அகலம்தான். அதன் தலையில் 12 அடி விட்டமுள்ள ஃப்ரீ த்ரோ வட்டம். மேலிருந்து பார்த்தால் சாவித்துளை. பெயர் அப்படி வந்தது. உயரமான ஆட்கள் ரிங்குக்கு அடியிலேயே நின்று எல்லாப் பந்தையும் உள்ளே போட்டதால் என்.பி.ஏ.வில் 1951-இல் 12 அடியாகவும், 1964-இல் 16 அடியாகவும் அகலப்படுத்தினார்கள். ஃபிபாவில் 2010 வரை இது சரிவகமாக இருந்தது, எண்ட்லைன் பக்கம் 6 மீட்டர் அகலம். அந்த ஆண்டுதான் செவ்வகமாக்கி, மூன்று புள்ளிக் கோட்டையும் 6.25-இலிருந்து 6.75-க்குத் தள்ளினார்கள்.

தன் அணியிடம் பந்து இருக்கும்போது எதிரணியின் கீயில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது. கோடும் கீயைச் சேர்ந்ததே. கால் கோட்டில் பட்டாலும் உள்ளே இருப்பதாகவே கணக்கு. (மூன்று புள்ளிக் கோட்டில் இது தலைகீழ்: கோட்டை மிதித்து எறிந்தால் இரண்டு புள்ளிதான்.) இதில் பலர் கவனிக்காத ஒன்று, ஃபிபாவில் இந்தத் தடை தாக்கும் அணிக்கு மட்டும். தடுப்பவர் கீக்குள் எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் தடுப்பவருக்கும் மூன்று வினாடி உண்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல் சும்மா நிற்க முடியாது. எனவே நம் ஆட்டத்தில் ரிங்கின் முன்பக்கம் எப்போதும் அடைத்துக் கிடக்கும். அங்கிருந்து ஒருவரை வெளியே இழுக்க வேண்டும். கார்னர் செய்வது அந்த வேலையை.

ஒரு ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வலப்பக்கத்திலிருந்து ஒருவர் தன் டிஃபெண்டரைத் தாண்டி ரிங்கை நோக்கிப் பாய்கிறார். இடது கார்னரில் அவருடைய அணிக்காரர் நிற்கிறார். அந்தக் கார்னர் ஆளைப் பார்த்துக்கொள்ளும் டிஃபெண்டர்தான் ரிங்குக்கு மிக அருகில், பாய்பவரின் எதிரே நிற்பவர். ரிங்கிலிருந்து தள்ளி மேலே நிற்பவர்கள் பந்துக்குப் பின்னால் ஆகிவிட்டார்கள். ஆகவே ரிங்கின் அருகே போய்ப் பந்தை உள்ளே போடும் லே-அப்பைத் தடுக்கும் கடமை இவருடையது. கீயின் நடுவுக்கு வருகிறார். அப்போது அவர் முகம் பந்தைப் பார்க்கிறது, கார்னர் ஆள் முதுகுக்குப் பின்னால். பந்து கார்னருக்குப் போகிறது.

இனி கணக்கு. பாஸ் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறேழு மீட்டரைக் கடக்க 0.65 வினாடி. பிடித்து எறிய இன்னொரு 0.7 வினாடி. டிஃபெண்டருக்குக் கிடைப்பது 1.35 வினாடி. அதற்குள் அவர் திரும்பி, கை நீட்டும் தூரம் போக மீதி ஆறு மீட்டர் ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி சராசரியாக வினாடிக்கு 4.4 மீட்டர். ஓடிவிடலாம், நிற்கத்தான் முடியாது. எறிவதுபோல் பந்தை ஒரு முறை உயர்த்திக் காட்டினால் அவர் தாண்டிப் பறந்துவிடுவார்.

45 பாகையில், விங்கில் நிற்பவருக்கும் ரிங்கிலிருந்து ஏறக்குறைய இதே தூரம்தான். ஆனால் விங்கில் இருப்பவரை மறைக்க இரண்டு பக்கமிருந்தும் அடுத்த டிஃபெண்டர் நகர்ந்து வரலாம். கார்னருக்கு மேலேயிருந்து மட்டும்தான் வர முடியும், மறுபக்கம் எண்ட்லைன். அந்த எண்ட்லைனே தாக்குபவருக்கு ஆபத்தும்கூட. நிற்க இருப்பது 90 செ.மீ. அகலம். பந்தைப் பிடித்துவிட்டுத் தயங்கினால் இரண்டு கோடுகளும் இரண்டு டிஃபெண்டர்களாகிவிடும். போர்டின் முகத்துக்கு ஏறக்குறைய நேர்பக்கத்தில் நிற்பதால் போர்டில் பட்டு விழவைக்கவும் வழியில்லை. பிடித்தவுடன் எறியத் தெரியாதவரை அங்கே நிறுத்துவதில் பயனில்லை.

"அந்தக் கார்னர் எனக்கு ராசி" என்பவர்களுக்கு ஒன்று. நூற்றுக்கு 35 போடும் ஒருவர் 20 பந்து எறிந்தால் சராசரியாக 7 விழும். 5 விழுந்தாலும் 9 விழுந்தாலும் அது தற்செயலின் இயல்பான ஏற்ற இறக்கம்தான். ராசியைத் தீர்மானிக்கச் சில நூறு எறிதல்களையாவது நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, உங்கள் திடலின் கோடு சரிதானா? பெயிண்டுக்குச் செலவழிப்பவர்கள் ஒரு டேப்பையும் தூக்குக்குண்டையும் மறந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வழக்கமான தவறு, 6.75 மீட்டரை போர்டின் முகத்திலிருந்து அளப்பது. போர்டு எண்ட்லைனிலிருந்து 1.20 மீட்டர் உள்ளே. ரிங்கின் மையம் அதற்கும் 37.5 செ.மீ. முன்னால், அதாவது 1.575 மீட்டரில். ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி அந்தப் புள்ளியைக் குறிக்க வேண்டும். 6.75 என்பது கோட்டின் வெளி விளிம்பு வரை, 5 செ.மீ. பட்டை அதற்கு உள்ளே வர வேண்டும்.

சரிபார்க்க இரண்டு அளவு போதும். எண்ட்லைனின் உள்விளிம்பிலிருந்து வளைவின் உச்சிக்கு 8.325 மீட்டர். நேர்கோடு வளைவோடு சேரும் இடம் எண்ட்லைனிலிருந்து 2.99 மீட்டர். உச்சி 7.95 என்றும் சேருமிடம் 2.61 என்றும் வந்தால் போர்டிலிருந்து அளந்திருக்கிறார்கள். உச்சி 7.825 என்றால் அது 2010-க்கு முந்தைய கோடு. அங்கே பழகிய கை, போட்டித் திடலில் அரை மீட்டர் குறைவாக எறியும்.