பண்பலை ஸ்டீரியோ: இரண்டாம் ஒலித்தடம் ஒளிந்திருக்கும் இடம்

1961 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி, சிகாகோ ஆகிய நகரங்களின் பண்பலை நிலையங்கள் ஸ்டீரியோ ஒலிபரப்பைத் தொடங்கின. அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அதே ஆண்டு ஏப்ரலில் ஏற்றுக்கொண்ட முறை அது. ஜெனித், ஜெனரல் எலக்ட்ரிக் என்ற இரு நிறுவனங்கள் முன்வைத்த அந்த முறைதான், சிறு வேறுபாடுகளோடு, இன்றும் உலகின் பெரும்பாலான பண்பலை நிலையங்களில் இயங்குகிறது. அதை வடிவமைத்தவர்களுக்கு ஒரு கடுமையான நிபந்தனை இருந்தது. மக்கள் வீடுகளில் ஏற்கெனவே லட்சக்கணக்கான மோனோ வானொலிப் பெட்டிகள் இருந்தன. புதிய ஒலிபரப்பை அந்தப் பழைய பெட்டியில் கேட்பவருக்கும் நிகழ்ச்சி முழுமையாகக் கேட்க வேண்டும். எதுவும் மாறியதாகவே அவருக்குத் தெரியக் கூடாது.

இடது ஒலியை ஓரிடத்திலும் வலது ஒலியை வேறோரிடத்திலும் வைத்து அனுப்பினால் இந்த நிபந்தனை உடைந்துவிடும். பழைய பெட்டியில் இடப்பக்க வாத்தியங்கள் மட்டும் கேட்கும், வலப்பக்கம் இருப்பவை காணாமல் போய்விடும். அதனால் நிலையம் முதலில் இரண்டையும் கூட்டி ஒன்றாக்குகிறது. L + R என்ற இந்தக் கூட்டுத்தொகைதான் பழைய பெட்டிக்கு உரிய மோனோ ஒலி. 15 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள வழக்கமான இடத்திலேயே அது செல்கிறது. இடது, வலது ஒலிகளுக்கு இடையே உள்ள வேறுபாடான L − R தனியாகக் கணக்கிடப்பட்டு, காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கி வைக்கப்படுகிறது. இரண்டும் கைக்கு வந்துவிட்டால் ஸ்டீரியோ பெட்டிக்கு வேலை எளிது. கூட்டினால் 2L, கழித்தால் 2R. பள்ளிப் பாடத்தில் இரு சமன்பாடுகளைத் தீர்க்கும் அதே கணக்குதான் இது.

தூக்கி வைப்பது எப்படி? L − R ஒலியை 38 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றோடு பெருக்குகிறார்கள். இந்த அலைக்குத் துணை ஊர்தி என்று பெயர். பெருக்கத்தின் விளைவாக வேறுபாட்டு ஒலி 38-க்குக் கீழே ஒரு பட்டையாகவும் மேலே ஒரு பட்டையாகவும் விரிந்து, 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் பிடிக்கிறது. பழைய பெட்டி இதையும் வாங்கத்தான் செய்யும். ஆனால் உயர்ந்த அதிர்வெண்களைத் தணிக்கும் சுற்று எல்லாப் பண்பலைப் பெட்டிகளிலும் உண்டு. அதில் தப்பிப் பிழைப்பதை ஒலிபெருக்கியும் காதும் ஏற்பதில்லை.

அலையின் வீச்சை ஒலிக்கேற்ப மாற்றும் சாதாரணப் பண்பேற்றத்தில் 38 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியும் பக்கப் பட்டைகளோடு சேர்ந்தே வெளிவரும். பண்பலை நிலையத்துக்கு இது தாங்காத செலவு. எல்லாவற்றையும் சுமந்து செல்லும் நிலையத்தின் முதன்மை ஊர்தி, தன் அதிர்வெண்ணிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே விலக அனுமதி உண்டு. ஏற்றும் ஒலிகள் அனைத்தும் அந்த 75-க்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் பேசாத, எதுவும் ஒலிக்காத நேரத்திலும் துணை ஊர்தி தன் பங்கை விழுங்கிக்கொண்டிருந்தால், உண்மையான ஒலிக்கு மிஞ்சுவது குறைவு. எனவே ஊர்தியை முற்றிலும் அடக்கிவிட்டுப் பக்கப் பட்டைகளை மட்டும் அனுப்புகிறார்கள். மௌனமான நேரத்தில் அந்த 23 முதல் 53 வரையுள்ள இடம் வெறுமையாகவே கிடக்கும்.

இங்கேதான் ஒரு புதிய தொல்லை பிறக்கிறது. பக்கப் பட்டைகளைக் கீழே இறக்கி மீண்டும் L − R ஆக்க, பெட்டிக்கு அதே 38 கிலோஹெர்ட்ஸ் அலை வேண்டும். அதிர்வெண் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் போதாது. ஏற்றமும் இறக்கமும் நிலையத்தின் அலையோடு கணத்துக்குக் கணம் பொருந்த வேண்டும். பெட்டி தன்னிச்சையாக ஓர் அலையை உருவாக்கினால் அந்தப் பொருத்தம் கிடைக்காது. நிலையமே ஒரு குறிப்பு கொடுத்தாக வேண்டும். அந்தக் குறிப்புதான் பைலட் டோன்.

பைலட்டை 38 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அந்த இடத்தைச் சுற்றி இருபுறமும் வேறுபாட்டு ஒலியின் பட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. தாழ்ந்த சுருதியில் முரசு ஒலித்தால் அதன் தடயம் 38-க்கு நூறு ஹெர்ட்ஸ் தள்ளியே நிற்கும். அவற்றுக்கு நடுவிலிருந்து பைலட்டை மட்டும் வடித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே சரியாகப் பாதியான 19 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். மோனோ ஒலி 15-இல் முடிகிறது, வேறுபாட்டு ஒலி 23-இல் தொடங்குகிறது. 19 இரண்டுக்கும் நடுவே, இருபுறமும் நான்கு கிலோஹெர்ட்ஸ் வெட்டவெளியோடு நிற்கிறது. எளிய வடிகட்டி ஒன்றே அதைப் பிடித்துவிடும். பெட்டி அதை இரட்டித்து 38 ஆக்கிக்கொள்கிறது. மொத்த விலகலில் எட்டு முதல் பத்து விழுக்காடு மட்டுமே இதற்கான செலவு. ஸ்டீரியோ ஒலிபரப்பில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாததற்கும் இதுவே காரணம். அதற்கு மேல் அனுமதித்தால் பைலட்டின் வெட்டவெளி போய்விடும்.

1970-களில் வந்த ஒருங்கிணைந்த சுற்றுகள் இந்த வேலையைச் சற்றே திருப்பிப் போட்டுச் செய்தன. MC1310 என்ற சில்லு, 76 கிலோஹெர்ட்ஸில் ஓடும் அலையாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, அதை இரண்டால் வகுத்து 38-ஐயும், மீண்டும் இரண்டால் வகுத்து 19-ஐயும் பெறுகிறது. அப்படிக் கிடைத்த 19-ஐ வானில் வரும் பைலட்டோடு ஒப்பிட்டு, வேறுபாடு தென்பட்டால் அலையாக்கியைத் திருத்திக்கொண்டே இருக்கும். இரண்டும் பூட்டிக்கொண்டதும் பெட்டியின் முகப்பில் STEREO என்ற சிறு விளக்கு எரியும். அந்த விளக்கு பைலட்டைக் கண்டதற்கு மட்டுமே சாட்சி. ஒரே ஒலிவாங்கியில் செய்தி வாசிக்கும்போதும் நிலையம் பைலட்டை நிறுத்தாவிட்டால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஒலி மோனோவாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். இடப்பக்கம் மட்டும் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒலிக்கிறது, வலப்பக்கம் மௌனம். இப்போது L + R என்பதும் L − R என்பதும் ஒன்றே. நிலையம் அனுப்பும் கலவையை ஓர் அலைப்பட்டை ஆய்வியில் பார்த்தால் நான்கு கோடுகள் தெரியும்: 1-இல் மோனோ ஒலி, 19-இல் பைலட், 37-இலும் 39-இலும் வேறுபாட்டின் இரு பக்கப் பட்டைகள். 38-இல் ஒன்றும் இருக்காது. பெட்டி 38-ஐ உருவாக்கிப் பெருக்கினால் 37-உம் 39-உம் மடிந்து 1 கிலோஹெர்ட்ஸில் வந்து விழுகின்றன. அதை மோனோவோடு கூட்டினால் இடது ஒலிபெருக்கியில் முழு ஒலி. கழித்தால் வலதில் எதுவுமில்லை.

இப்போது பைலட்டின் கட்டம், அதாவது அதன் ஏற்ற இறக்கம் நிகழும் நேரம், பிசகட்டும். பைலட்டில் நேரும் பிசகு 38-இல் இரட்டிப்பாகிறது. பைலட் 3 பாகை தவறினால் துணை ஊர்தி 6 பாகை தவறும். மீட்கப்படும் வேறுபாட்டின் அளவு அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும். வலதில் கசியும் ஒலி அப்போதும் இடதைவிட 51 டெசிபல் தாழ்ந்தே இருக்கும், யாருக்கும் கேட்காது. பிசகு 45 பாகையானால் துணை ஊர்தி 90 பாகை திரும்பி வேறுபாடு முற்றிலும் மறைந்து, விளக்கு எரிந்தபடியே ஒலி மோனோவாகிவிடும். 90 பாகையானால் இடதும் வலதும் இடம் மாறிவிடும். 180 பாகையானால் ஒன்றும் ஆகாது. இரட்டித்தபின் அது முழுச் சுற்று. நடைமுறையில் இதைவிட அடிக்கடி நேர்வது அளவுப் பிழை. வேறுபாடு பத்து விழுக்காடு குறைந்து வந்தால் போதும், இடது, வலது ஒலிகளுக்கு இடையிலான பிரிவு சுமார் 26 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விளைவு. பைலட்டை விட்டுவிட்டுக் கலவையை மறுபடி எழுதிப் பார்த்தால், 38 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒவ்வோர் உச்சியிலும் அதன் மதிப்பு இடது ஒலிக்குச் சமம், ஒவ்வொரு பள்ளத்திலும் வலது ஒலிக்குச் சமம். அதாவது கூட்டல், கழித்தல், பெருக்கல் என்று செய்ததெல்லாம், இடதுக்கும் வலதுக்கும் இடையே நொடிக்கு 38,000 முறை மாறி மாறித் தாவுவதற்குச் சமம். MC1310 போன்ற சில்லுகள் பெருக்கிப் பார்ப்பதற்குப் பதில், 38 கிலோஹெர்ட்ஸில் மாறும் ஒரு மின் சுவிட்சைக் கொண்டு இடதையும் வலதையும் நேரடியாகவே பிரிக்கின்றன. இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது: கலவையின் அளவு இடது, வலது இரண்டில் பெரியதைத் தாண்டுவதே இல்லை. மோனோ பெரிதாகும்போது வேறுபாடு சுருங்குகிறது. வேறுபாடு பெரிதாகும்போது மோனோ சுருங்குகிறது. இரண்டாவது ஒலித்தடம் ஏறியும் மோனோ ஒலிக்குக் கிடைத்த விலகலில் பைலட்டின் பத்து விழுக்காடு மட்டுமே குறைந்தது.

விலை கொடுக்கப்பட்டது இரைச்சலில். பண்பலைப் பெட்டியில் இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதிர்வெண் கூடக் கூட அதுவும் நேர்விகிதத்தில் ஏறுகிறது. மோனோ ஒலி இரைச்சல் குறைந்த அடிமட்டத்தில் வாழ்கிறது. வேறுபாட்டு ஒலியோ 23 முதல் 53 வரையுள்ள இரைச்சல் மிக்க இடத்தில் இருக்கிறது; அதைக் கீழே இறக்கும்போது அங்குள்ள இரைச்சலும் கூடவே இறங்குகிறது. அதனால் ஒரே நிலையத்தை மோனோவில் கேட்பதைவிட ஸ்டீரியோவில் கேட்கும்போது இரைச்சல் 20 டெசிபலுக்கும் மேல் கூடுகிறது. அருகிலுள்ள நிலையத்தில் இது தெரியாது. தொலைவிலுள்ள நிலையத்தில் ‘உஸ்’ என்ற ஓசை நிற்காமல் கேட்கும். பெட்டியின் MONO பொத்தானை அழுத்தியதும் அது அடங்கும்.

அந்தக் காலத்திலேயே மர்ரி கிராஸ்பி என்ற பொறியாளரின் மாற்று முறை ஒன்று களத்தில் இருந்தது. அது வேறுபாட்டு ஒலியைத் துணை ஊர்தியின் அதிர்வெண்ணில் ஏற்றியதால் இரைச்சல் குறைவு. ஆனால் அதற்கு அகலமான இடம் தேவைப்பட்டது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசையைக் கட்டணத்துக்கு அனுப்பிய நிலையங்கள் பயன்படுத்திவந்த, 67 கிலோஹெர்ட்ஸ் போன்ற துணை ஊர்திகளுக்கு அதனோடு இடமில்லாமல் போகும். 53-இல் நின்றுவிடும் ஜெனித்–ஜெனரல் எலக்ட்ரிக் முறை அவற்றை அப்படியே விட்டுவைத்தது.

இரைச்சலோடு வாழ இன்றைய கார் வானொலிகள் கண்ட வழியும் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. வேறுபாட்டோடு வரும் இரைச்சல் இடதில் கூட்டலாகவும் வலதில் கழித்தலாகவும் நுழைவதால், இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். சமிக்ஞை வலுவிழக்கத் தொடங்கியதும் பெட்டி வேறுபாட்டின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. முதலில் உயர்சுருதிகளிலிருந்தே குறைக்கும் பெட்டிகளும் உண்டு. காரை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இரைச்சல் கேட்பதில்லை. இசையின் அகலம் மட்டும் மெல்லக் குறுகி மோனோவுக்கு வந்துவிடுகிறது.